ஜிம், டைரி, சேமிப்பு மூணும் புட்டுக்கிச்சு... இந்த வருஷம் ஒரே ஒரு பல் மட்டும்!

டிசம்பர் 26-ம் தேதி மதியம் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு மீட்டிங். "நியூ இயருக்கு ஒரு உறுதிமொழி வீடியோ வேணும். ஒன்றரை நிமிஷத்துக்குள்ள. நம்ம டீம்ல இருந்தே ஒருத்தர் பேசணும்" என்றார் டீம் லீட் அக்கா. எல்லோரும் திடீரென்று மானிட்டரில் மும்முரமானார்கள். நானும்தான். ஆனால் நான் தப்பிக்க முடியாது. காரணம், போன வருடப் புத்தாண்டு வீடியோவில் பேசியதும் நான்தான்.

"உன் பழைய வீடியோவை எடுத்துப் பாரு. அதுல இருந்தே ஆரம்பி" என்றார் அக்கா.

பார்த்தேன். தம்பியின் டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, மொட்டைமாடியில் சூரியனைப் பார்த்து நின்றபடி, 2025-ல் நான் செய்யப்போகும் நான்கு விஷயங்களை அறிவித்திருந்தேன். காலை 5 மணிக்கு எழுவேன். ஜிம்முக்குப் போவேன். தினமும் டைரி எழுதுவேன். தினமும் 100 ரூபாய் சேமிப்பேன். பின்னணியில் வயலின் வேறு. அந்த வயலினைக் கேட்டால் நான் ஏதோ எல்லைப் பாதுகாப்புப் படைக்குக் கிளம்பியதுபோல இருக்கும். அந்த வீடியோவை அம்மா இன்னும் போனில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் காபியோடு சேர்த்துப் போட்டுக்காட்டுவார்.

ஆக, இந்த வருட வீடியோவின் முதல் பாதிக்குக் கதை தயார்: நான்கிலும் தோற்றேன். ஆனால், 'தோற்றேன்' என்று சொல்வது எப்படி என்பதில்தான் நான் நான்கு நாள் திண்டாடினேன்.

முதல் டிராஃப்ட்டை அன்று இரவே எழுதி, போனில் படித்துப் பதிவுசெய்தேன். 4 நிமிடம் 40 விநாடி. "நான் ஒரு சோம்பேறி, என்னால எதையும் முடிக்க முடியாது, நாம எல்லாரும் அப்படித்தானே..." என்று போகும். தம்பியிடம் கொடுத்தேன். 40-வது விநாடியில் போனைத் திருப்பித் தந்துவிட்டான்.

"என்னடா?"

"நீ சோம்பேறின்னு எனக்குத்தான் தெரியுமே. புதுசா என்ன இருக்கு?"

கோபம் வந்தது. ஆனால், அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. தன்னைத் தானே திட்டிக்கொள்வது ஒப்புதல் கிடையாது. அதில் தகவலே இல்லை. 'நான் சோம்பேறி' என்றால் யாரும் சிரிப்பதும் இல்லை, யாருக்கும் எதுவும் தெரிவதும் இல்லை. எந்தத் தேதியில், எதனால் நின்றது என்று சொன்னால்தான் ரெண்டும் நடக்கும். அதற்கு எனக்கே பதில் தெரியவில்லை. எனவே மறுநாள், சனிக்கிழமை, என்மேலேயே ஒரு புலனாய்வு நடத்தினேன். நிருபர் வேலையில் இருப்பதற்கு இந்த ஒரு பயனாவது இருக்கட்டும்!

முதலில் 5 மணி எழுச்சி. அது 2 நாள் ஓடியிருக்கிறது. அதிலும் ஜனவரி 1 அன்று நான் தூங்கவே இல்லை என்பதால், 5 மணிக்கு விழித்திருந்ததை எழுந்ததாகக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

அடுத்து ஜிம். ஜனவரி 2-ம் தேதி மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய் கட்டியிருக்கிறேன்; பணம் அனுப்பிய விவரம் போனிலேயே இருக்கிறது. போன நாள்களைப் போட்டோ கேலரி சொல்லிவிட்டது. போன ஒவ்வொரு நாளும் கண்ணாடி முன்னால் நின்று செல்ஃபி எடுத்திருந்தேன். மொத்தம் 9 படம். கடைசிப் படம் ஜனவரி 13, போகி அன்று. 14-ம் தேதி பொங்கல், ஊருக்குப் போனோம். திரும்பி வந்தபோது எனக்கு ஷிஃப்ட் மாறி, மதியம் 3 மணி முதல் இரவு 11 மணி வரை என்றாகியிருந்தது. காலை 7 மணி ஜிம்முக்கு அதன் பிறகு நான் எழவே இல்லை. ஒரு செல்ஃபி 500 ரூபாய் என்று கணக்கு வருகிறது. ஸ்டுடியோவில் எடுத்திருந்தால் ஆல்பமே போட்டிருக்கலாம்.

டைரிதான் இருப்பதிலேயே நேர்மையான சாட்சி. ஜனவரி 1: இரண்டு பக்கம், வானம், பறவை, வாழ்க்கை. ஜனவரி 2: ஒரு பக்கம். ஜனவரி 3: அரைப் பக்கம். ஜனவரி 4: 'இன்று விசேஷமாக ஒன்றும் இல்லை.' அப்புறம் வெறும் தாள். ஜனவரி 9-ம் தேதியில் இருந்து அம்மாவின் கையெழுத்தில் பால் கணக்கு. டிசம்பர் வரை ஒரு நாள்கூட விடவில்லை. அந்த டைரி என்னிடம் 4 நாளும், அம்மாவிடம் ஒரு வருடமும் வாழ்ந்திருக்கிறது.

இதைத் தம்பியிடம் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதுதான் வீடியோவின் முதல் காட்சி கிடைத்தது.

ஆனால், அந்தப் பால் கணக்கில் சிரிப்பைத் தாண்டியும் ஒன்று இருந்தது. அம்மா எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைக்கும்போது, பக்கத்தில் டைரி இருக்கும், அதன்மேல் பேனா இருக்கும். வைத்ததும் எழுதுவார். நான் 'தினமும் எழுதுவேன்' என்று மட்டும்தான் சொன்னேன். எதைச் செய்து முடித்ததும், எங்கே உட்கார்ந்து என்று சொல்லவில்லை. என் நான்கு உறுதிமொழிகளிலும் 'என்ன' இருந்தது. 'எப்போது' இல்லை. 5 மணி எழுச்சியை விட்டால், நேரம் இருந்த ஒரே ஒன்று ஜிம். அதையும் ஷிஃப்ட் சாப்பிட்டுவிட்டது.

இதைப் பற்றி நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். 'இது நடந்தால், அதைச் செய்வேன்' என்று ஒரு சூழலோடு முடிச்சுப்போட்ட திட்டம், வெறும் விருப்பத்தைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பது அதன் சாரம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பி.ஜே.ஃபாக், 2019-ல் வெளிவந்த 'டைனி ஹேபிட்ஸ்' புத்தகத்தில் இதையே சமையல் குறிப்புபோல ஆக்கியிருப்பார். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலை. அது முடிந்த உடனே புதிதாக ஒரு குட்டி வேலை. செய்ததும் சின்னதாக ஒரு சந்தோஷம். குட்டி என்றால் எவ்வளவு குட்டி? பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கம் வேண்டும் என்றால், ஒரே ஒரு பல்லில் தொடங்கச் சொல்கிறார் மனிதர்.

பல் என்று படித்ததும் எனக்கு வலது கன்னம் ஒருமுறை துடித்தது.

அக்டோபர் மாதத்தில் எனக்கு வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்தார்கள். பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் அடங்கிய சதை அழுகிப்போனால், அதை எடுத்துச் சுத்தம் செய்து, கால்வாயை அடைத்து, மேலே ஒரு தொப்பி மாட்டுவார்கள். மூன்று முறை போனேன். தொப்பியோடு சேர்த்து 8,500 ரூபாய். அந்தத் தினசரி 100 ரூபாய்ச் சேமிப்பு இருக்கிறதே, அது ஜனவரி மாதக் கடைசியிலேயே ஒருமுறை நின்று, பிறகு தட்டுத்தடுமாறி அக்டோபரில் 6,400 ஆகியிருந்தது. மொத்தமும் அந்தப் பல்லுக்குள் போய்விட்டது. அந்தப் பணம் எதற்காகச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதை வீடியோவுக்கு எழுதியிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "இது வேண்டாம்மா, இது நம்ம வீட்டு விஷயம்" என்றார். எடுத்துவிட்டேன். வீடியோவுக்கு அது நல்ல உருக்கமான 10 விநாடியாக இருந்திருக்கும். ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் என்று கிளம்பி, அம்மாவின் கதையை நான் எடுத்துப் போடக் கூடாது. என் சோம்பல் என் சொத்து. அதை எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம். அதனால் அந்தக் காரணம் இங்கேயும் வராது.

பல் டாக்டர் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி பல் தேய்ப்பீங்களா?"

வாயில் ஏதோ குழாயை மாட்டியிருந்ததால் தப்பித்தேன். நம்மில் பலருடைய வீட்டில், எங்கள் வீட்டையும் சேர்த்து, பல் தேய்ப்பது என்றால் காலை வேலைதான். எழுந்ததும் தேய்க்காமல் காபி தர மாட்டார்கள். ராத்திரி தேய்க்கச் சொல்லி யாரும் விரட்டுவதில்லை. ஆனால், டாக்டர் சொன்னது நேர்மாறு. தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பகலெல்லாம் வாயில் உருவாகும் அமிலத்தைக் கழுவி, மட்டுப்படுத்துவது அந்த எச்சில்தான். காவல்காரர் தூங்கப்போன நேரத்தில், பல்லிடுக்கில் பிஸ்கட்டையும் பாக்கியாண்டி இனிப்பையும் விட்டுவைத்தால் கிருமிக்கு விருந்து. அதனால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால்கூட, ராத்திரியை விடாதீர்கள் என்றார். நான் அப்போது தலையாட்டினேன். அன்று ராத்திரி தேய்த்தேன். மறுநாளும். தொப்பி மாட்டிய வாரம் வரை. அப்புறம் வலி போச்சு, பிரஷ்ஷும் போச்சு.

ஆக, என் குட்டிப் பழக்கம் முடிவானது. ராத்திரி பல் தேய்ப்பது. அதையும் குட்டியாக்கி: தொப்பி மாட்டிய அந்த ஒரு பல்லை மட்டும்.

டாக்டருக்குப் போன் செய்து, "ஒரு பல் மட்டும் தேய்ச்சாப் போதுமா டாக்டர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மத்த பல்லெல்லாம் என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

விளக்கினேன். பிரஷ் கையில் வந்து, பேஸ்ட்டும் வைத்து, வாயையும் திறந்தாகிவிட்டால் ஒரு பல்லோடு நிறுத்துவதுதான் கஷ்டம். கஷ்டமான பகுதி தேய்ப்பது இல்லை, வாஷ்பேசினுக்கு எழுந்துபோவது. ரொம்பச் சோர்வான நாளில் ஒரு பல்லோடு படுத்துவிட்டால்கூட, எழுந்துபோனது கணக்கில் நிற்கும். "சரி, ஆனா நல்லா இருக்கற நாள்ல ரெண்டு நிமிஷம் முழுசா தேய்க்கணும். ஒரு பல் தேய்ச்சா ஒரு பல்லுக்குத்தான் பாதுகாப்பு" என்றார். கூடவே, மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், தேய்த்த பிறகு நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கொப்பளித்து ஃபுளோரைடை விரட்டக் கூடாது என்றும் சொன்னார். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் புதுசு. நான் அதுவரை மோட்டார் போட்டதுபோலக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, இதை எந்த வேலையோடு முடிச்சுப்போடுவது? இங்கேதான் மூன்று தடவை தப்புப் பண்ணினேன்.

முதலில் 'சாப்பிட்டு முடித்ததும்' என்று வைத்தேன். எங்கள் வீட்டில் சாப்பாடு முடிவது என்று ஒன்று கிடையாது. 9 மணிக்குத் தோசை. 10 மணிக்கு அப்பா வாழைப்பழத்தை உரித்துப் பாதி நீட்டுவார். 11 மணிக்கு நானே டப்பாவைத் திறந்து மிக்ஸர் தேடுவேன். அடுத்து 'தூங்கப்போகும் முன்' என்று மாற்றினேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், தூங்கப்போகும் அந்தக் கணம் எது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அது போன் கை நழுவி மூக்கில் விழும் கணம். அப்போது எழுந்து போவதாவது!

மூன்றாவதாக, 'போனை சார்ஜில் போட்டதும்'. இது புத்திசாலித்தனமாகத் தோன்றியது. சார்ஜரைக் கட்டில் பக்கத்தில் இருந்து வாஷ்பேசினை ஒட்டிய ஷெல்ஃபுக்கு மாற்றினேன். சனிக்கிழமை வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமையும். திங்கள்கிழமை ஆபீஸிலேயே முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டேன். ராத்திரி சார்ஜர் பக்கமே போகவில்லை, பல்லும் ஞாபகம் வரவில்லை. செவ்வாய் காலையில் பிரஷ்ஷை எடுக்கும்போதுதான் உறைத்தது. முடிச்சுப்போடும் வேலை தினமும் நடக்கிற வேலையாக இருந்தால் மட்டும் போதாது. நடக்காமல் போகவே முடியாத வேலையாக இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், எந்த ஷிஃப்ட்டிலும், காய்ச்சலிலும், கல்யாண வீட்டிலும், படுக்கும் முன் நான் தவறாமல் செய்வது ஒன்றே ஒன்றுதான். பாத்ரூம் போவது. வெளியே வந்து கை கழுவுகிற இடத்திலேயே பிரஷ் நிற்கிறது. ஓர் அடிகூட நடக்க வேண்டாம்.

"இதைப் போயா வீடியோவுல சொல்லுவ?" என்றார் அம்மா, முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"உலகமே போகுதும்மா!"

"போகுது. யாரும் அறிவிப்புக் குடுக்கறதில்ல."

கடைசியில் 'கை கழுவியதும்' என்று சமாதானத்துக்கு வந்தோம். எந்தக் கை கழுவல் என்பதை ஃப்ளஷ் சத்தம் சொல்லிவிடும். அதை எடிட்டிங்கில் தம்பி சேர்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

டிசம்பர் 30, செவ்வாய் இரவு ஷூட்டிங். இதுபோன்ற வீடியோவை வீட்டில் எடுத்துப் பார்க்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கேமரா தேவை இல்லை, போன் போதும். ஆனால், டியூப்லைட்டோடு ஒரு பஞ்சாயத்து உண்டு. முதல் டேக்கைப் போட்டுப் பார்த்தால், என் முகத்தின் மேல் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் ஓடின. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த எங்கள் டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் கேமராவில் புரோ மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை போய்விடும். தம்பி 1/50 வைத்தான், போனது. அந்த வசதி இல்லாத போன் என்றால், பகலில் ஜன்னல் பக்கம் நின்று எடுப்பது உத்தமம்.

சத்தம் அதைவிடப் பெரிய தலைவலி. டைல்ஸ் ஒட்டிய இடத்தில் பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல எதிரொலிக்கிறது. போதாததற்கு வாயில் நுரை. 'உறுதிமொழி' என்ற சொல்லை நுரையோடு சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் குடை பிடிக்க வேண்டும். எனவே காட்சியைத் தனியாக எடுத்துவிட்டு, குரலைத் தனியாகப் பதிவுசெய்தோம். அதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் மிகச் சிறந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோ அம்மாவின் பீரோ. கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் போனைப் பிடித்துப் பேசினால், துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். ஃபேனை நிறுத்திவிட வேண்டும். குக்கரை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். நாங்கள் இறக்கவில்லை. ஐந்தாவது டேக்கில் நான் 'இந்த வருஷம்...' என்றதும் விசில் வந்தது. அதை மட்டும் நீக்காமல் வைத்துக்கொண்டோம், அவ்வளவு பொருத்தம்.

எடிட்டிங்கில் ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தேன். எழுத்துகளைத் திரையின் அடியில் வைக்கக் கூடாது. ரீல்ஸில் அடிப்பகுதியைத் தலைப்பும் பட்டன்களும் மறைத்துவிடும். போன வருடம் என் நான்காவது உறுதிமொழி அப்படித்தான் மறைந்துபோனது. ஒருவகையில் நல்லதுதான்.

கடைசியாக வந்த ஸ்கிரிப்ட் இதுதான். 70 விநாடி.

(மொட்டைமாடி, பழைய வீடியோ, வயலின். 4 விநாடியில் வயலின் பொட்டென்று நிற்கிறது.)

"இது போன வருஷ நான். நாலு உறுதிமொழி எடுத்தேன். 5 மணிக்கு எழுந்தது ரெண்டு நாள். அதுல ஒரு நாள் தூங்கவே இல்ல."

(9 செல்ஃபி, வரிசையாக.)

"ஜிம்முக்கு 4,500 கட்டினேன். 9 நாள் போனேன். பொங்கல் வந்துச்சு, ஷிஃப்ட் மாறுச்சு, நான் மாறல."

(டைரி. பக்கம் பக்கமாகத் திருப்ப, பால் கணக்கு.)

"டைரி எழுதினது நாலு நாள். மீதி வருஷம் எங்கம்மா எழுதினாங்க. அரை லிட்டர், அரை லிட்டர், விருந்தாளி வந்ததால ஒரு லிட்டர்."

(கன்னத்தில் கை.)

"சேமிச்ச காசு இந்தப் பல்லுக்குள்ள இருக்கு. யாரும் எடுக்க முடியாது, நானும் எடுக்க முடியாது."

(ஃப்ளஷ் சத்தம். கை கழுவுகிறேன். பிரஷ்.)

"இந்த வருஷம் (குக்கர் விசில்) ஒண்ணே ஒண்ணு. ராத்திரி கை கழுவினதும் இந்த ஒரு பல்லைத் தேய்ப்பேன். மூடு இருந்தா மத்ததையும். ஒரு நாள் விட்டா விட்டதுதான், மறுநாள் தேய்ப்பேன். ரெண்டு நாள் சேர்ந்தாப்ல விட்டா, முடிச்சு எங்க அவிழ்ந்துச்சுன்னு பார்ப்பேன். மார்ச் மாசம் வந்து கணக்குச் சொல்றேன்."

அவ்வளவுதான். ஏன் மார்ச் என்று அக்கா கேட்டார். '21 நாளில் பழக்கம் ஆகிவிடும்' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதைத் தேடிப்போனால் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்தில் போய் நிற்கிறது. தன்னிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக, குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். மூக்கை மாற்றியவர்களின் கணக்கை வைத்து நாம் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்! லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கவனித்து, 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரும் நிலையை எட்டுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஜனவரி 1-ல் இருந்து 66 நாள் எண்ணினால் மார்ச் முதல் வாரம். எனக்கு 254 நாள் ஆகவும் வாய்ப்பு உண்டு என்று தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஒரே ஒரு விஷயத்தில் அக்காவோடு வாக்குவாதம் நடந்தது. தலைப்பில் '2026-ல் நான் புது மனுஷி' என்று போட விரும்பினார். நான் வேண்டாம் என்றேன். கோல்விட்ஸரின் குழு 2009-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்குக் கொஞ்சம் பயம் காட்டியிருந்தது. 'நான் இப்படிப்பட்ட ஆளாகப் போகிறேன்' என்பதற்கான எண்ணத்தை மற்றவர்கள் கவனித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறைந்துபோகிறது. ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதுபோல ஒரு திருப்தி வந்துவிடுகிறது. போன வருடம் அந்த மொட்டைமாடி வீடியோ வெளியான அன்று எனக்கு வந்த திருப்தி அதேதான். ஜிம்முக்குப் போகாமலே உடம்பு குறைந்ததுபோல இருந்தது. பல் தேய்க்கும் விஷயத்தில் அந்த ஆபத்து கம்மி. 'நான் ஒரு பல் தேய்ப்பவள்' என்று பெருமைப்பட முடியாது பாருங்கள். அக்கா சிரித்துவிட்டு, 'ஒரு பல் மட்டும்' என்பதையே தலைப்பாக்கினார்.

வீடியோ ஜனவரி 1 காலையில் வெளியானது. அன்று ராத்திரி தேய்த்தேன்.

இதை எழுதுவது ஜனவரி 12. ஹாலில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரின் தாளைக் கிழிக்கும்போது, முந்தின நாள் தேய்த்திருந்தால் அதன் பின்னால் ஒரு டிக் போட்டு டப்பாவில் போடுகிறேன். 11 ராத்திரிகளில் 10 டிக். அதில் மூன்றில் 'ஒ.ப' என்று எழுதியிருக்கிறது. ஒரு பல் என்று அர்த்தம். தவறிய அந்த ஒரு நாள், 6-ம் தேதி. சித்தி வீட்டில் தங்கினேன். பாத்ரூம் போனேன், கை கழுவினேன், முடிச்சு சரியாக ஞாபகமும் படுத்தியது. பிரஷ்தான் எங்கள் வீட்டில் இருந்தது. சித்தி வீட்டு பிரஷ் ஸ்டாண்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து படுத்தேன்.

இந்த வாரம் பொங்கல். போன வருடம் ஜிம் செத்துப்போன அதே இடம். பாட்டி வீட்டில் பாத்ரூம் கொல்லைப்புறத்தில், கை கழுவுவது தொட்டியடியில், ராத்திரி என்றால் டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டும். சின்ன பேஸ்ட்டும் புது பிரஷ்ஷும் வாங்கியாகிவிட்டது. பைக்குள் வைத்தால் பையிலேயே இருந்துவிடும் என்று தெரிந்ததால், ரெண்டையும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு டார்ச்லைட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அதைப் பார்த்த அப்பா, "எனக்கும் ஒண்ணு கட்டு" என்றார்.

டாக்டர் சொன்னதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. வீடியோவில் பார்த்திருப்பார்போல. ரப்பர் பேண்டுதான் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும்.